டிரெய்னர் அனுப்பிய டயட் பிளானைத் தமிழில் எழுத உதவி வேண்டும்

அப்பா ஜிம்மில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது, டிரெய்னர் வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் அனுப்பிய டயட் பிளானை நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மதியம் 1 மணிக்கு ‘ரைஸ் 100 கிராம், குக்டு’ என்றிருந்ததை அவசரத்தில் ‘அரிசி 100 கிராம்’ என்று எழுதிவிட்டேன். அவரும் அரிசியை எடை போட்டு வடித்திருக்கிறார், வெந்ததும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, தட்டு நிறையச் சோறு! ‘சோறு 100 கிராம்’ என்று மாற்றினேன், அது சரியாகிவிட்டது. டேபிள்ஸ்பூன், டீஸ்பூன் இரண்டையும் ‘ஸ்பூன்’ என்றே போட்டிருந்தேன், அவற்றையும் 15 மில்லி, 5 மில்லி என்று திருத்திவிட்டேன்.

சிக்கன் வரியில்தான் மாட்டிக்கொண்டேன். இரவு 8 மணிக்கு ‘சிக்கன் 150 கிராம், ரா’. வேகும்போது நீர் வற்றி ஏறக்குறைய 110 கிராமுக்கு இறங்கிவிடும், அதனால் வெந்த பிறகு எடை போட்டால் கூடுதலாகச் சாப்பிட்டுவிடுவார். ‘மூல எடை’ என்று எழுதிப் பார்த்தேன், புரியவில்லை. ‘பச்சைக் கோழி 150 கிராம்’ என்றால், பச்சையாகவா சாப்பிடச் சொல்கிறார் என்று கேட்கிறார். அரிசி, சோறு மாதிரி இதற்கு இரண்டு சொல் இல்லையே.

எடை போடுவது சமைப்பதற்கு முன், சாப்பிடுவது சமைத்த பிறகு என்பது ஒரே வரியில் விளங்கும்படி நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?