இருப்புத் திருத்தங்களுக்கு ஒப்புதல் வரம்பு: வழி தேவை

கோவையில் ஒரு மின்பொருள் மொத்த விற்பனைக் கிடங்கின் கணக்கைப் பார்க்கிறேன். மென்பொருள் டேலி பிரைம். ஏப்ரல் முதல் செம்புக் கம்பிச் சுருள்கள் மட்டும் தொடர்ந்து குறைகின்றன. சரக்கை வைத்திருக்கும் கிடங்குப் பொறுப்பாளரே Physical Stock வவுச்சரைப் பதிந்துவிடுவதால், மாத இறுதியில் கணக்கும் இருப்பும் அழகாகப் பொருந்திவிடுகின்றன.

உடைவு, எண்ணிக்கைப் பிழை, இதர எனக் காரணக் குறியீடுகளை வைத்தபோது, திருத்தங்கள் எல்லாம் ‘இதர’வில் விழுந்தன, அதை நீக்கியதும் ‘எண்ணிக்கைப் பிழை’க்கு மாறின. உண்மையான எண்ணிக்கைப் பிழையென்றால் சில முறையாவது இருப்பு கூடுதலாக வர வேண்டும். இங்கு எப்போதும் குறைவுதான். ₹5,000-க்கு மேல் மேலாளர் ஒப்புதல் வேண்டும் என்றதும், ஒரே சுருள் வகைக்கு ₹4,800, ₹4,650 எனப் பிரித்த பதிவுகள் வரத் தொடங்கின.

ஒப்புதல் வரம்பைத் தனித்தனிப் பதிவுக்கு வைக்காமல், ஒரு பொருளுக்கு மாதம் முழுவதும் சேரும் மொத்தக் குறைவுக்கு வைத்தவர்கள் அதை எப்படி நடைமுறைப்படுத்தினீர்கள்?