பொருள்: பிஇடிஜி அச்சில் தோன்றும் வெண்மைக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

முப்பரிமாண அச்சுக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். நிறமற்ற பிஇடிஜி நெகிழி இழையில் அச்சிட்ட பொருள் கண்ணாடிபோல் வராமல் பால்போல் வெளுத்துத் தெரிவதற்கு ‘மங்கல்’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு உண்டா?
— க.

ஐயா,

மங்கல் என்றால் ஒளி குறைந்தது என்றுதான் படும். இங்கே ஒளி சிதறுகிறது. மேலும், ஒன்றுபோல் தோன்றும் இரண்டை அச்சொல் ஒன்றாக்கிவிடும். சென்ற மாதம் 3 மி.மீ. தடிமனில் விளக்கு மூடி ஒன்றை அச்சிட்டேன், வெளுத்தே வந்தது. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தடவினால், அடுக்குவரிகளுக்கிடையிலான பள்ளங்களை நீர் நிரப்புவதால் மேற்பரப்பால் வரும் வெண்மை அந்த இடத்தில் பெருமளவு குறையும். என் மூடியில் சொட்டின் அடியிலும் வெண்மை அப்படியே நின்றது. உருப்பெருக்கியில் பார்த்தபோது, அடுத்தடுத்த இழைகள் முழுதாக ஒட்டாத இடங்களில் காற்று நீள நீளமாகச் சிக்கியிருந்தது. உள்ளிருப்பதை ‘உட்கலங்கல்’ என்றும் மேலிருப்பதை ‘வரிமூட்டம்’ என்றும் சொல்லலாமா?
— மு.

இத்தனை பிரிவு எதற்கு? எல்லாம் ஈரம்தான். இழையை 80 பாகையில் காயவைத்தால் தீர்ந்துவிடும். ‘குமிழ்க்கலங்கல்’ போதும்.
— செ.

ஈரம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அப்போது இழை உருகி வெளிவரும் முனையில் சடசடவென்று வெடிக்கும் ஓசை கேட்கும், அச்சில் உருண்டைக் குமிழிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். நானும் 65 பாகையில் ஆறு மணி நேரம் காயவைத்தேன். ஓசை நின்றது, வெண்மை நிற்கவில்லை. 80 பாகை வேண்டாம். பிஇடிஜி ஏறத்தாழ அந்த வெப்பத்தில்தான் இளகத் தொடங்கும், சுருளில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு வேகத்தை நொடிக்கு 25 மி.மீ. ஆகக் குறைத்து, விசிறியை நிறுத்தி, முனையை 250 பாகைக்கு உயர்த்தி, பாய்வை 3 விழுக்காடு கூட்டினேன். அதன்பின் மூடியின் ஊடே செய்தித்தாளின் தலைப்பெழுத்துகளைப் படிக்க முடிந்தது. ஆனால் மிகைப்பாய்வால் ஓரங்கள் சற்றுப் பிதுங்கின.
— மு.

என் பூச்சாடியின் அடுக்குவரிகளைப் போக்க உப்புத்தாளால் தேய்த்தேன், முன்னைவிட வெளுத்துவிட்டது. இதற்கு என்ன சொல்?
— த.

அது கீறல், கேள்வி வேறு. தெளிவார்னிஷ் பூசிப் பாருங்கள், கீறல் நிரம்பினால் பெரும்பாலும் தெளியும்.
— மு.

‘உட்கலங்கலை’ ஏற்கிறேன், கலங்கிய நீரைப் போல உள்ளிருப்பதை அது காட்டுகிறது. ‘வரிமூட்டம்’தான் உறுத்துகிறது: மூட்டம் என்றால் மேலே வந்து கவிவது, இங்கோ பரப்பின் மேடுபள்ளமே காரணம். அந்த இடத்தைக் கையேட்டில் இப்போதைக்கு வெறுமையாக விட்டிருக்கிறேன்.
— க.