முந்தொலி: ஆச்சிக்கு ஒரு சொல் வேண்டும்

அனுப்பியவர்: தேன்மொழி

வணக்கம். ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீரில் விவசாயம் செய்யும் ஒரு ஊர். பத்தாம் வகுப்புப் படிக்கும் கயல், ஊரைப் பற்றிப் போனில் எடுத்ததையெல்லாம் ஆச்சியோடு உட்கார்ந்து படமாகத் தொகுக்கிறாள். மௌஸ் ஆச்சியின் கையில். மென்பொருள் கேடென்லைவ். சொல் தேவைப்படும் இடத்தை அப்படியே தருகிறேன்:

> "பாரு ஆச்சி, தாத்தா பேசி முடிச்சதும் மடை வருது."
>
> திண்ணையில் சுடலைமுத்துத் தாத்தா வாயை மூடினார். அடுத்த நொடி திரை முழுக்கத் தண்ணீர் இரைந்தது.
>
> "தூக்கிவாரிப் போடுதேட்டி! மடை எங்க கெடக்கு, நம்ம தெரு எங்க கெடக்கு? பிசானத்துக்கு மடையைத் தொறந்தா சத்தந்தான் மொதல்ல வரும். அதக் கேட்டுத்தான மம்பட்டியத் தூக்கிட்டு ஓடுவோம். தண்ணிய அப்புறந்தான் பாப்போம்."
>
> கயல் Ctrl+Shift+G அழுத்திப் படத்தையும் சத்தத்தையும் பிரித்தாள். மடைச் சத்தத்தை A1 தடத்திலிருந்து நேர்கீழே A2-க்கு இறக்கினாள். "இப்ப அந்தச் சத்தத்தோட இடது ஓரத்தப் பிடிச்சு இழு ஆச்சி. துண்டையே தள்ளிராத, ஓரத்த மட்டும்."
>
> ஆச்சி இழுத்தாள். தாத்தா இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கோ தண்ணீர் இரையத் தொடங்கியது. அவர் நிறுத்தினார். மடை வந்தது.
>
> "இதுக்குப் பேரு ஜே கட், ஆச்சி."
>
> "சேக்கட்டா? அப்படின்னா?"

இங்கேதான் நிற்கிறேன். மேலே படம், கீழே சத்தம், சத்தம் இடப்பக்கம் நீண்டிருப்பதால் ஜே எழுத்து மாதிரி தெரிகிறது. அதனால் அந்தப் பெயர். ஆச்சிக்கு ஆங்கில எழுத்து தெரியாது. இதற்கும், சத்தம் வலப்பக்கம் நீளும் எல் கட்டுக்கும் ஜோடியாக இரண்டு சொல் வேண்டும். கயல் வாயில் இயல்பாக வர வேண்டும்.

---

அனுப்பியவர்: ராஜேஸ்வரி

தேன்மொழி, இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறதே. படத்தொகுப்பு. செய்பவர் படத்தொகுப்பாளர். படங்களின் தொடக்கத்தில் பெயர் போடும்போதே வருகிறது. 'எடிட்டிங்' என்பதற்குத் 'திருத்தம்' என்று சிலர் எழுதுவதுதான் தவறு, அதை மட்டும் தவிருங்கள். கதையில் ஆச்சி பேசுவது நன்றாக இருக்கிறது.

---

அனுப்பியவர்: கார்த்திக்

ராஜேஸ்வரி அக்கா, அவர் கேட்பது மொத்த வேலைக்கான பெயர் இல்லை. இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் சத்தம் மட்டும் முன்னால் வரும் ஒரு வகை வெட்டுக்கு.

இது கணினி வந்த பிறகு வந்த உத்தி இல்லை. ஃபிலிம் காலத்தில் தியேட்டருக்குப் போகும் 35 மி.மீ. பிரதியிலேயே சத்தம் படத்தைவிடச் சுமார் 20 ஃபிரேம் முன்னால் இருக்கும். அதாவது எல்லாப் படமும் ஜே கட்தான்! அந்தக் காலத்தில் அதை எப்படிச் சொன்னார்கள் என்று கண்டுபிடித்தால் சொல் கிடைத்துவிடும்.

இன்னொரு யோசனை. எல் கட்டுக்கு நம் எழுத்தே இருக்கிறது. 'ட'. மேலே படம், கீழே வலப்பக்கம் நீளும் சத்தம், அச்சாக அதே வடிவம். 'ட வெட்டு' என்றால் ஆச்சிக்கும் புரியும்.

---

அனுப்பியவர்: சுப்பையா

நான் கோடம்பாக்கத்தில் உதவிப் படத்தொகுப்பாளராக ஃபிலிமில் வேலை பார்த்தவன்.

கார்த்திக் தம்பி சொல்லும் எண் சரி. ஆனால் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. புரொஜக்டரில் ஃபிலிம் படக்கதவில் ஒவ்வொரு ஃபிரேமாக நின்று நின்று போகும். சத்தத்தைப் படிக்கும் இடத்தில் நிற்காமல் சீராக ஓட வேண்டும். அதனால் அந்தப் பகுதியைச் சற்றுத் தள்ளி வைத்திருப்பார்கள். அந்தத் தூரத்துக்கு ஈடாகத்தான் பிரதியில் சத்தம் முன்னால் அச்சாகிறது. பார்ப்பவருக்குப் படமும் சத்தமும் ஒன்றாகவே வந்து சேரும். ஆச்சி கேட்பது, பார்ப்பவர் காதுக்கே சத்தம் முந்தி வருவது.

எடிட்டிங் மேசையில் படம் ஒரு சுருள், சத்தம் தனிக் காந்தச் சுருள். படத்தை ஒரு இடத்தில் வெட்டி ஒட்டுவோம், சத்தத்தை அதற்கு முன்னால் வேறோர் இடத்தில் வெட்டி ஒட்டுவோம். எங்கள் எடிட்டர், "சத்தத்தை முந்த விடு" என்பார். அவ்வளவுதான், தனிப் பெயர் கிடையாது.

இனி கதைக்கு. கயல் செய்வது சரி. துண்டையே தள்ளாமல் ஓரத்தை மட்டும் இழுக்கச் சொல்கிறாள் பாருங்கள், அதுதான் உயிர். ஓரத்தை இழுத்தால் வெட்டில் மறைந்திருந்த முந்தைய சத்தம் வெளியே வரும், மற்றது இருந்த இடத்திலேயே இருக்கும். துண்டைத் தள்ளினால் மொத்தச் சத்தமும் படத்திலிருந்து விலகிவிடும். ஆனால் மறைந்திருக்க ஏதாவது வேண்டுமே? கயல் போனில் பதிவை அழுத்தியதும் வந்த முதல் ஃபிரேமிலிருந்தே அந்தத் துண்டைப் பயன்படுத்தியிருந்தால், இழுக்க அங்கே ஒன்றும் இருக்காது. ஓரம் நகரவே நகராது. மடைக்கு எதிரே சில நொடி சும்மா ஓடவிட்டு எடுத்தாள் என்று முன்னால் ஒரு வரி வைத்துவிடுங்கள்.

அளவையும் சொல்கிறேன். பேச்சுக்குப் பேச்சு மாறும்போது பத்துப் பன்னிரண்டு ஃபிரேம் முந்தினால் போதும். மடை, மழை, ஆட்டு மணி போன்ற ஊர்ச் சத்தத்துக்கு ஒரு நொடி, ஒன்றரை நொடி கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் பார்ப்பவர் தாத்தாவை விட்டுவிட்டு, திண்ணையில் எங்கே தண்ணீர் கொட்டுகிறது என்று தேட ஆரம்பிப்பார். முந்தும் சத்தம் முழு வலுவோடு தொடங்கக் கூடாது, தாத்தாவின் குரலுக்குக் கீழே மெதுவாக ஏற வேண்டும். ஆச்சி தெருவில் இருந்து கேட்டதும் அப்படித்தானே.

---

அனுப்பியவர்: அன்வர்

எனக்குக் கல்யாண வீடியோ தொகுக்கும் வேலை. நாதஸ்வரத்தை முதலில் கேட்கவிட்டு அப்புறம் மாப்பிள்ளை அழைப்பைக் காட்டுவேன். எங்கள் கடையில் எல்லாரும் ஜே கட் என்றுதான் சொல்கிறோம். புதிதாக வரும் பையன்களும் அந்தப் பெயரைப் போட்டுத்தான் யூடியூபில் தேடிக் கற்கிறார்கள். புதுச் சொல் வைத்தால் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. கதையில் வையுங்கள், தொழிலில் வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரு விஷயம். கயல் Ctrl+Shift+G போட்டுப் பிரிக்க வேண்டியதில்லை. Shift-ஐப் பிடித்துக்கொண்டு ஓரத்தை இழுத்தால் படமும் சத்தமும் பிரியாமலே ஒன்று மட்டும் நீளும். பிரித்துப் போட்டால் பின்னால் வம்பு. நான் இதில் ஒரு முழு இரவைத் தொலைத்திருக்கிறேன். முன்னால் ஒரு துண்டை நீக்கி மற்றதை இடப்பக்கம் நகர்த்தும்போது, பிரிந்து கிடந்த சத்தம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. மேளத்தில் குச்சி விழுகிறது, சத்தம் அப்புறம் வருகிறது.

இப்படி ஆனால் காரணம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. துண்டின் தொடக்கத்திலும் கடைசியிலும் ஒரே அளவு விலகியிருந்தால், கை பட்டு நகர்ந்தது. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் போனின் வேலை. பல போன்கள் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று சீராக எடுப்பதில்லை. அப்படிப்பட்ட கோப்பைச் சேர்க்கும்போது கேடென்லைவே எச்சரித்து, மாற்றித் தரட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிட வேண்டும்.

---

அனுப்பியவர்: தேன்மொழி

அன்வர் அண்ணா, அந்தப் பிரிந்த சத்தத்தைக் கதைக்குள்ளேயே எடுத்துக்கொள்கிறேன். கயல் முதலில் பிரிக்கட்டும். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனபின் ஆச்சி தனியாக உட்கார்ந்து ஒரு துண்டை நீக்கி மற்றதை இடப்பக்கம் நகர்த்துகிறாள். மம்பட்டி மண்ணில் விழுந்த பிறகு சத்தம் வருகிறது. பள்ளி விட்டு வந்தவளிடம் ஆச்சியே சொல்வாள், "மம்பட்டி பொய் சொல்லுது." அதன் பிறகுதான் கயலுக்கே Shift தெரியவரும்.

சொல்லுக்கு சுப்பையா ஐயா வழி காட்டிவிட்டார். 'முந்து' என்ற வினை ஆச்சி வாயிலும் இருக்கிறது. முந்து + ஒலி, முந்தொலி. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. அதற்கு ஜோடி 'பிந்தொலி' என்று வைக்கலாமா? முந்தி பிந்தி என்று சேர்த்தே சொல்லிப் பழக்கம்.

---

அனுப்பியவர்: சுப்பையா

முந்தொலி நன்றாக இருக்கிறது. பிந்தொலி வேண்டாம் அம்மா. பிந்துவது என்றால் தாமதமாக வருவது. அன்வர் சொன்னாரே மேளக் குச்சி, அதுதான் பிந்தொலி. எல் கட்டில் சத்தம் தாமதமாகவில்லை. தாத்தாவின் பேச்சு அது பாட்டுக்குப் போகிறது, படம்தான் மடைக்கு மாறிவிட்டது. பழுதுக்கும் உத்திக்கும் ஒரே பெயர் வைத்தால் கற்பவர் குழம்புவார்.

கார்த்திக்கின் 'ட' கண்ணுக்கு அழகு. ஆனால் ஜே வடிவத்துக்கு இணையாக ஒரு தமிழ் எழுத்து இல்லையே? ஜோடியில் ஒன்று எழுத்தாகவும் ஒன்று வினையாகவும் இருந்தால் ஒட்டாது.

---

அனுப்பியவர்: ராஜேஸ்வரி

இப்போது புரிகிறது. அப்படியானால் நீள் + ஒலி, நீளொலி. ஓரத்தை இழுத்து நீட்டுவதைத்தானே செய்கிறார்கள்.

---

அனுப்பியவர்: கார்த்திக்

நீட்டுவது இரண்டிலும் உண்டு அக்கா, ஜே கட்டில் இடப்பக்கம், எல் கட்டில் வலப்பக்கம். 'நீளொலி' என்றால் எது என்று தெரியாது. படம் போன பிறகும் சத்தம் தங்குகிறது. 'தங்கொலி'?

'ட வெட்டு' என்பதை விட மனமில்லை. எழுதும்போது தங்கொலி, திரையில் சுட்டிக் காட்டும்போது 'ட' என்று வைத்துக்கொள்வோமே.

---

அனுப்பியவர்: ராஜேஸ்வரி

தங்கொலி என்றதும் எனக்குத் தங்கம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. எழுத்தில் பார்த்தால் சரி, காதில் கேட்டால் தடுக்குகிறது. நான் நீளொலி பக்கமே.

---

அனுப்பியவர்: தேன்மொழி

முந்தொலியைக் கதையில் வைத்துவிட்டேன். இரண்டாவது, தாத்தா மடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்க, படம் தண்ணீருக்குப் போகும் இடம். ஆச்சி அதைப் பார்த்து, "ஆளு போயிட்டாரு, பேச்சு தங்கிட்டு" என்கிறாள். அதனால் இப்போதைக்குத் தங்கொலி. ராஜேஸ்வரி அக்காவின் தடுக்கலை மனதில் வைத்திருக்கிறேன், வேறு நல்லது வந்தால் மாற்றலாம்.

'வெட்டு' சேர்க்கவில்லை. "இங்க ஒரு முந்தொலி போடு ஆச்சி" என்று கயல் சொன்னாலே போதும். அன்வர் அண்ணாவுக்காக, ஜே கட் என்ற பெயரும் கயல் வாயில் ஒருமுறை வரும்.

---

அனுப்பியவர்: அன்வர்

நாளை கடையில் பையன்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சத்தமும் படமும் ஒரே இடத்தில் மாறும் சாதாரண வெட்டுக்கு என்ன பேர்? முந்தொலி, தங்கொலி என்று சொன்னதும் ஒருவன் கட்டாயம் அதைக் கேட்பான்.