பழைய தண்டனை உள்ளவரைப் பணியமர்த்தும்போது எதைக் கேட்டீர்கள், எதைக் கணக்கில் கொண்டீர்கள்?

மனிதவளப் பிரிவு அலுவலர்:
கிடங்குப் பொறுப்பாளர் பணிக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த ஒருவருடைய பின்னணி அறிக்கையில் இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்று அடிதடி வழக்கில் பெற்ற தண்டனை, மற்றொன்று திருட்டு. கிடங்குச் சாவியை ஒப்படைக்க வேண்டிய பணி என்பதால், "திருட்டு" என்ற சொல்லைப் பார்த்ததுமே எங்கள் மேலாளர் கோப்பை மூடிவிடச் சொன்னார்.

நான் சம்மதிக்கவில்லை. அறிக்கையின் நகலை விண்ணப்பதாரரிடமே கொடுத்து, எழுத்தில் விளக்கம் கேட்டு, பதில் வரும்வரை அந்த இடத்தை நிரப்பாமல் வைத்திருந்தோம். திருட்டுப் பதிவில் பெயரும் பிறந்த ஆண்டும் பொருந்தின. பிறந்த தேதியும் தந்தை பெயரும் பொருந்தவில்லை. வழக்கு எண்ணைக் கொண்டு தீர்ப்பின் நகலைப் பெற்றுப் பார்த்தபோது, அது அதே பெயருடைய வேறொருவருடைய வழக்கு என்று தெரிந்தது. பெயரை மட்டும் வைத்துத் தேடும் சரிபார்ப்பு நிறுவனங்களிடம் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. விண்ணப்பதாரருக்கு நகல் கொடுக்காமல் நிராகரித்துவிட்டால் அது ஒருபோதும் வெளியே வராது.

அடிதடி வழக்கு உண்மைதான். 19 வயதில் நடந்தது; அதன்பின் 9 ஆண்டுகளில் வேறு வழக்கு எதுவும் இல்லை; இடையில் பணியாற்றிய இரண்டு இடங்களிலும் நற்சான்று கிடைத்தது. குற்றம் எவ்வளவு கடுமையானது, அதற்குப் பின் எவ்வளவு காலம் கடந்தது, இந்தப் பணியில் அவர் செய்யப்போவது என்ன என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்து அவரைப் பணியில் சேர்த்தோம்.

சிறுதொழில் நடத்துபவர்:
இவ்வளவு சிரமம் எதற்கு, ஐயா? ஏழு ஆண்டுகள் கடந்துவிட்டால் எல்லாமே அழிந்துவிடும், முதலாளி கேட்கவே கூடாது என்றுதான் நான் அறிந்திருக்கிறேன். கைது என்பதையும் கணக்கில் எடுக்கக் கூடாது அல்லவா?

வழக்கறிஞர்:
பாதி சரி. அமெரிக்காவில் அந்த ஏழு ஆண்டு வரம்பு, தண்டனையில் முடியாத கைதுகளைச் சரிபார்ப்பு நிறுவனம் அறிக்கையில் சேர்ப்பதற்கானது. தண்டனை பெற்ற பதிவுக்கு அந்நாட்டு மத்தியச் சட்டத்தில் அப்படியொரு வரம்பு இல்லை. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் கடந்த பல தண்டனைகளைப் பெரும்பாலான பணிகளுக்குச் சொல்லத் தேவையில்லை; ஆனால் குழந்தைகளோடு பழகும் பணி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே எந்த நாடு, எந்தப் பணி என்று பார்க்காமல் ஒரே எண்ணைச் சொல்வது ஆபத்தானது.

கைதைப் பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கைது செய்யப்பட்டதனாலேயே குற்றம் செய்தார் என்றாகாது. மேலே நண்பர் கூறிய மூன்று அளவுகோல்களும் அமெரிக்காவில் ஒரு ரயில்வே நிறுவனத்துக்கு எதிரான வழக்கிலிருந்து வந்தவை. சிறு போக்குவரத்துக் குற்றத்தைத் தவிர எந்தத் தண்டனை பெற்றவரையும் எடுப்பதில்லை என்ற அந்த நிறுவனத்தின் விதியை 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த அளவுகோல்களை அந்நாட்டுச் சமவாய்ப்பு ஆணையம் 2012இல் தன் வழிகாட்டுதலிலும் வைத்தது.

தேர்வெழுதிக் காத்திருப்பவர்:
என் நிலையையும் சொல்கிறேன். நான் இந்தியாவில் அரசுப் பணிக்கு விண்ணப்பித்தவன். கல்லூரிக் காலத்தில் மறியலில் கலந்துகொண்டதற்காக என்மீது வழக்குப் பதிவாகி, பின்னர் விடுதலையானேன். விடுதலை ஆகிவிட்டதால் சரிபார்ப்புப் படிவத்தில் "இல்லை" என்று எழுதலாமா?

வழக்கறிஞர்:
இங்கே பேசப்படுவது முதலாளி எதைக் கேட்கலாம் என்பது. உங்கள் கேள்வி கேட்டதற்கு எப்படிப் பதில் சொல்வது என்பது. படிவம் "வழக்குப் பதிவானதா" என்று கேட்டால் விடுதலையானதையும் சேர்த்து உண்மையை எழுதுங்கள், தம்பி. தீர்ப்பின் நகலையும் இணையுங்கள். அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல், இளம் வயதில் முழக்கம் எழுப்பியது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் பணியளிப்பவர் தம் விருப்புரிமையில் அதை மன்னிக்கலாம் என்றது. ஆனால் முடிந்துபோன வழக்கை உண்மையாகச் சொன்னவரின் முன்வரலாற்றையும் பணியளிப்பவர் பரிசீலிக்கலாம், அவரை நியமித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எனவே உண்மையைச் சொல்வது பணிக்கு உத்தரவாதம் அன்று; மறைத்தார் என்ற தனிக் குற்றச்சாட்டு எழாமல் தடுக்கும்.

கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர்:
எங்களிடம் பணம் கையாளும் இடத்துக்கு வந்த ஒருவர்மீது நம்பிக்கை மோசடி வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. தண்டனை இல்லை என்பதால் எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். தீர்ப்பு வரும்வரை வேண்டாம் என்கிறார் மற்றொருவர். நீங்கள் என்ன செய்வீர்கள்?

மனிதவளப் பிரிவு அலுவலர்:
நான் வழக்கு இருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டேன். குற்றச்சாட்டின் அடிப்படையான நிகழ்வு முந்தைய பணியிடத்தில் பணம் கையாண்டது தொடர்பானதா என்று அவரிடமே கேட்பேன். அப்படியானால், பணம் தொடாத வேறு இடம் தர முடியுமா என்று பார்ப்பேன்.

வழக்கறிஞர்:
வழக்கு நடக்கும்போது அவர் நிகழ்வை எழுத்தில் விவரித்தால் அது அவருக்கு எதிராகவே பயன்படக்கூடும். அந்த விளக்கத்தைக் கேட்கும் முன் தம் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள அவருக்கு அவகாசம் கொடுங்கள். வேறு இடம் தருவது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் தீர்ப்புக்குச் சில ஆண்டுகள் ஆனால் அவரை அங்கேயே வைத்திருப்பது நியாயமா என்ற கேள்விக்கு என்னிடம் தெளிவான பதில் இல்லை.