ஹரகத் என்ற உயிர்க்குறி இல்லாத ஒரு வரி, இரண்டு வாசிப்பு: உங்களுக்கு நடந்தது என்ன?

ஷார்ஜா_மொழிபெயர்ப்பு

அஸ்ஸலாமு அலைக்கும். ஆறு வருடம் ஆகிவிட்டது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வீட்டு வாடகைத் தகராறு. குடியிருந்தவர் வீட்டுக்காரருக்குக் கையால் எழுதிய அரபிக் கடிதம், ஒரே பக்கம். நான் அதை ஆங்கிலத்தில் போட வேண்டும். முழு வழக்கும் ஒரே வரியில் நின்றது. ஸீன், லாம், மீம், தா என்று நான்கு எழுத்து, அடுத்து 'அல்மஃபாத்தீஹ்', அதாவது சாவிகள். அப்புறம் 'இலல் ஹாரிஸ்', வாட்ச்மேனிடம்.

அந்த நான்கு எழுத்தை 'ஸல்லம்து' என்று படித்தால் 'நான் கொடுத்தேன்'. 'ஸல்லம்த' என்றால் 'நீ கொடுத்தாய்'. 'ஸல்லமத்' என்றால் 'அவள் கொடுத்தாள்'. 'ஸுல்லிமத்' என்றால் 'கொடுக்கப்பட்டன'. சாவி அஃறிணைப் பன்மை, அதற்கு வினை பெண்பால் ஒருமையில்தான் வரும். அதனால் கடைசி 'தா' செயப்பாட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. எதைப் போட்டாலும் இலக்கணம் தடுக்கவில்லை. வம்பில்லாத வாசிப்பு என்று நினைத்துக்கொண்டு 'சாவிகள் வாட்ச்மேனிடம் ஒப்படைக்கப்பட்டன' என்று எழுதி அனுப்பினேன்.

எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொண்டது. யார் ஒப்படைத்தது, எங்களுக்குத் தெரியாதே என்றார்கள். ஒரு மாத வாடகை அதில் தொங்கியது. கடிதம் எழுதியவர் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார், வயதான சூடான்காரர். காகிதத்தை என் மேசையில் விரித்து அந்தச் சொல்லில் விரலை வைத்தார். பிறகு அதே விரலைத் தன் நெஞ்சில் வைத்து 'ஸல்லம்...து' என்று கடைசி 'து'வை அழுத்திச் சொன்னார். இரண்டு முறை. கோபப்படவில்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அடுத்த வரியை நான் பார்த்திருக்க வேண்டும். 'வலம் அஜித் அஹதன் ஃபில் மக்தப்' என்று இருந்தது. அலுவலகத்தில் நான் யாரையும் காணவில்லை. 'அஜித்' என்ற வினையின் முதல் அலிஃப் ஹரகத் இல்லாமலேயே 'நான்' என்று சொல்லிவிடுகிறது. அலுவலகத்தில் ஆள் இல்லாததால்தான் வாட்ச்மேனிடம் கொடுத்தார். இன்னொன்று, இன்றைய கடித அரபியில் 'ஒப்படைக்கப்பட்டன' என்று சொல்ல வேண்டுமானால் பெரும்பாலும் 'தம்ம தஸ்லீமுல் மஃபாத்தீஹ்' என்று எழுதுவார்கள். ஒப்படைப்பு முடிந்தது என்று பெயர்ச்சொல்லை வைத்துச் சொன்னால் குழப்பத்துக்கு இடமில்லை. அப்படி எழுதாததே ஒரு தடயம். எனக்கு அன்று தோன்றவில்லை.

செய்தித்தாள்_வாசகன்

பாய், இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. வினைக்கு அப்புறம் முதலில் வருபவர் செய்தவர், இரண்டாவதாக வருவது செய்யப்பட்டது. ஒரே ஒரு பெயர்தான் இருந்தால் அது செயப்பாட்டு. நான் இதை ஒரு தலைப்புச் செய்தியில் கற்றுக்கொண்டேன். காஃப், தா, லாம், அடுத்து 'ஷுர்த்தி', போலீஸ்காரர். அதோடு அந்த வரி மடிந்துவிட்டது. நான் 'குதில' என்று படித்து, போலீஸ்காரர் கொல்லப்பட்டார் என்று பக்கத்து அறைக்காரரிடம் சொல்லியும் விட்டேன். அடுத்த வரியின் முதல் சொல் 'லிஸ்ஸன்', ஒரு திருடனை. அதன் கடைசியில் அலிஃப் நிற்கிறது. அப்போ 'கதல', போலீஸ்காரர் திருடனைக் கொன்றார்! அந்த ஒரு அலிஃப் என் செய்தியையே தலைகீழாக்கிவிட்டது. அன்றிலிருந்து அலிஃப் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன், வேறொன்றும் தேவையில்லை.

கடலோர_உஸ்தாத்

தம்பி, அலிஃப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் பாதிதான். அதே செய்தியில் 'அல்' சேர்த்து 'அல்லிஸ்' என்று எழுதியிருந்தால் அலிஃப் வராது. தா மர்பூத்தா என்ற வட்டத் தாவில் முடியும் பெயரிலும் வராது. ஒரே பெயர் இருந்தால் செயப்பாட்டு என்ற விதி மேலே உள்ள கடிதத்திலேயே உடைந்துவிட்டது. செய்தவர் அந்த 'து'வுக்குள்ளேயே இருக்கிறார், வெளியே நிற்பது சாவி மட்டும். முதலில் வருபவர்தான் செய்தவர் என்றால், ஃபாத்திர் அத்தியாயம் 28ஆவது வசனத்தை எப்படிப் படிப்பீர்கள்? 'இன்னமா யக்ஷல்லாஹ மின் இபாதிஹில் உலமாஉ'. வினைக்கு அடுத்து நிற்பது அல்லாஹ், அவனுக்கு அஞ்சுபவர்கள் கடைசியில் வரும் ஆலிம்கள். வரிசையை மட்டும் நம்பினால் பொருள் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். 'மூஸா', 'ஈஸா' போல முடிவு மாறாத இரண்டு பெயர்கள் வந்து, பொருளிலும் வேறு துப்பு இல்லாதபோதுதான் வரிசையே தீர்ப்புச் சொல்லும்.

என் கதை ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் அன்று நடந்தது. குர்பானி மாட்டை அறுத்து வயிற்றைத் திறந்தால் உள்ளே கன்று, ரோமம் முளைத்து முழுசாக, உயிர் இல்லை. பங்குதாரர்களில் இருவர் என்னிடம் ஓடி வந்தார்கள். ஒருவர் எங்கள் ஊர்க்காரர், ஷாஃபி. மற்றவர் பெண் எடுத்த வகையில் இங்கே வந்தவர், ஹனஃபி. சாப்பிடலாமா என்று கேட்டார்கள்.

ஹதீஸ் நான்கே சொல். 'தகாத்துல் ஜனீனி தகாத்து உம்மிஹி'. ஏழைகளுக்குக் கொடுக்கும் ஸகாத் இல்லை, இது தால் எழுத்தில் வருவது, அறுத்து ஹலாலாக்குவது. இரண்டாவது 'தகாத்'தின் கடைசியில் 'உ' ஒலிக்கான பேஷ் வைத்தால், தாயை அறுத்ததே குட்டியை அறுத்ததாகும். 'அ' ஒலிக்கான ஸபர் வைத்து 'தகாத்த உம்மிஹி' என்று படித்தால், தாயை அறுப்பது போலவே குட்டியையும் அறுக்க வேண்டும். முதல் வாசிப்பில் சாப்பிடலாம், இரண்டாவதில் கூடாது. கிதாபில் அந்த இடத்தில் ஒரு குறியும் இல்லை.

இருவரும் இரத்தக் கையோடு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'தகாத்' என்று முடிவை விழுங்கிவிட்டு, மூச்சு விட்டு, 'உம்மிஹி' என்றேன். பேஷும் இல்லை, ஸபரும் இல்லை. பதினைந்து வருடம் கிதாபு ஓதிக்கொடுத்தவன் செய்கிற காரியமா அது? அந்த ஒரு நொடிதான் இன்னும் உறுத்துகிறது.

பிறகு உட்காரவைத்து விளக்கினேன். பேஷ் வைத்தால் வாக்கியம் முப்ததாவும் கபருமாக, அதாவது எழுவாயும் பயனிலையுமாக, தானாக நிற்கும், வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம். ஸபர் வைத்தால் 'போல' என்ற சொல் அங்கே இருந்து விழுந்துவிட்டதாகக் கருத வேண்டும். இல்லாததை இருப்பதாக வைத்துப் படிப்பதைவிட இருப்பதை வைத்துப் படிப்பதுதான் முந்தும். சூழலும் அதற்குத் துணை நிற்கிறது. அபூதாவூதில் வரும் அறிவிப்பில் கேள்வியும் சேர்ந்தே இருக்கிறது. ஒட்டகத்தையும் மாட்டையும் ஆட்டையும் அறுக்கிறோம், வயிற்றில் குட்டி இருக்கிறது, எறிவதா தின்பதா? விரும்பினால் சாப்பிடுங்கள் என்ற பதிலுக்குப் பிறகுதான், காரணமாக இந்த வாக்கியம் வருகிறது. குட்டி உயிரோடு இருந்திருந்தால் அறுத்துவிட்டுப் போவார்கள், எறிவதா என்று கேட்க என்ன இருக்கிறது?

இதையும் சொல்லிவிடுகிறேன். ஹனஃபி தரப்பு வெறும் ஸபரை மட்டும் நம்பி நிற்கவில்லை. தானாகச் செத்தது ஹராம் என்ற குர்ஆன் வசனம் அவர்களுக்கு அடிப்படை. பேஷ் வைத்தாலும் அதை உவமையாகவே எடுக்கலாம் என்றும் சொல்வார்கள், 'அவன் சிங்கம்' என்று சொல்வது மாதிரி. அபூஹனீஃபா இமாமின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் இந்த விஷயத்தில் ஆசிரியரோடு நிற்கவில்லை, சாப்பிடலாம் என்ற பக்கம் வந்தார்கள். ஆக, ஒரு ஹரகத்தை வைத்து மட்டும் வழக்கு முடிந்துவிடவில்லை.

காயல்_பேத்தி

எங்கள் வீட்டுக் குர்ஆனில் எல்லா எழுத்துக்கும் ஸபர், ஸேர், பேஷ் இருக்கிறதே, உங்களுக்கு ஏன் இல்லை என்று முதலில் விளங்கவில்லை. கிதாபையும் கடிதத்தையும் சொல்கிறீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது. என் வாப்பும்மா அறபுத் தமிழில் எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொரு எழுத்திலும் குறி போட்டிருப்பார்கள், 'எ'வுக்கும் 'ஒ'வுக்கும் தனிக் குறி. கறிக்கு உப்புப் போட மறந்தாலும் குறி போட மறக்க மாட்டார்கள் என்று உம்மா சொல்வார்கள். தமிழுக்குப் போடுகிறவர்கள் அரபிக்கு ஏன் போடுவதில்லை?

கொழும்பு_உரைபெயர்ப்பாளர்

தங்கச்சி, அரபி வாசிப்பவருக்குச் சொல்லின் அச்சு முன்பே தெரியும் என்ற நம்பிக்கையில்தான் விட்டுவிடுகிறார்கள். தமிழ்ச் சொல்லை அந்த எழுத்தில் எழுதும்போது அப்படி எதையும் நம்ப முடியாது.

ஷார்ஜா நானா சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. 'அஜித்' என்பது அவர் அலுவலகத்துக்குப் போனார் என்று மட்டும்தான் காட்டும். சாவியை மகனோ மனைவியோ கொடுத்திருக்கலாம், மனைவி என்றால் 'ஸல்லமத்' என்றும் வரலாமே? 'தம்ம' என்பது அலுவலகக்காரர் நடை. பழைய பள்ளியில் படித்தவர் 'ஸுல்லிமத்' என்று எழுதினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். உங்கள் மொழிபெயர்ப்பு பிழை என்பதைவிட, இரண்டு வாசிப்பு இருந்ததை மறைத்ததுதான் பிழை.

நான் இப்படிச் செய்வேன். பத்தி முடியும்வரை ஒரு ஹரகத்தும் மனசில் போட மாட்டேன். அப்புறம் வினைகளை மட்டும் எடுத்து, யா, தா, அலிஃப், நூன் என்று முன்னால் எழுத்து ஏறி நிற்கும் வினைகளை முதலில் படிப்பேன், ஆள் யார் என்பது ஓரளவு அதில் தெரிந்துவிடும். அடுத்து வினையோடு வரும் இடைச்சொல். இங்கே 'இலா' இருக்கிறது. அதனால் 'ஸலிமத்', சாவிகள் பத்திரமாக இருந்தன என்ற ஐந்தாவது வாசிப்பு தானாக விழுந்துவிடும், அதை நீங்கள் எண்ணவே இல்லை. அப்புறம் ஊன், ஈன் என்று முடியும் பன்மைகள், 'அபூ', 'அபா', 'அபீ' போன்றவை. வேற்றுமை கண்ணுக்குத் தெரியும் இடங்கள் அவை. அச்சடித்த தாள் என்றால் முதல் எழுத்தின் மேல் ஒற்றை ளம்மு, அதாவது பேஷ், இருக்கிறதா என்று பார்ப்பேன். கவனமான ஆசிரியர்கள் செயப்பாட்டுக்கு மட்டும் அதை ஒன்று போட்டுவிட்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுவார்கள். இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு நின்றால் அடிக்குறிப்பில் இரண்டையும் எழுதி ஒப்பமிடுவேன். எழுதியவர் உயிரோடு இருந்தால் அவரையே கேட்பேன்.

என் கதையை எழுத வந்தேன், மறந்தே போனேன். பரீட்சையில் 'கதபதிர் ரிஸாலத' என்று படித்தேன், அவள் கடிதத்தை எழுதினாள். ஐயா கேட்டார், 'யார் அந்த அவள்? இந்தப் பத்தியில் பெண் யாரும் இல்லையே?' அவ்வளவுதான்.

ஷார்ஜா_மொழிபெயர்ப்பு

தங்கச்சி, 'ஸலிமத்' எனக்குத் தோன்றவே இல்லை, சரிதான். ஆனால் 'அவள்' வராது. நீங்களே உங்கள் பரீட்சைக் கதையில் சொன்ன காரணம்தான், கடிதம் முழுக்கப் பெண் யாரும் இல்லை. 'நீ'யும் வராது, வீட்டுக்காரரை ஆரம்பம் முதல் 'ஹள்ரத்துக்கும்' என்று பன்மையில்தான் அழைக்கிறார். மிஞ்சுவது 'நான்', 'கொடுக்கப்பட்டன' இரண்டும்தான். அந்த இரண்டுக்கு நடுவில் நீங்கள் சொன்ன அடிக்குறிப்பு எனக்குத் தேவைப்பட்டிருக்கும். எழுதியவரைக் கேட்க வழி இல்லை, காகிதங்கள் ஆள் வழியாகத்தான் வரும். அவர் நேரில் வந்தபோது திருத்திப் புதிதாக அடித்து முத்திரை வைத்துக் கொடுத்தோம், கட்டணம் வாங்கவில்லை. அதற்குள் முதல் பிரதி எதிர்த்தரப்பின் கோப்பில் ஏறிவிட்டது. அந்த ஒரு மாத வாடகை கடைசியில் யார் கையில் போனதென்று எனக்குத் தெரியவில்லை.

ஹஜ்ரத், கன்றை என்ன செய்தார்கள்?

கடலோர_உஸ்தாத்

ஊர்க்காரர் வீட்டில் அன்றே சமைத்தார்கள். ஹனஃபிக்காரர் தன் பங்கில் அது சேர வேண்டாம் என்றார். அவர் மகன் அபூயூசுஃபின் கருத்தைச் சொல்லி வாதாடிக்கொண்டே வண்டியில் ஏறினான்.