கேரமல் மணல் மணலாகிவிடுகிறது, உடனே உதவி தேவை

தேன்மொழி
கேரமல் புட்டிங் செய்கிறேன். சர்க்கரை நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது. திடீரென்று வெள்ளையாக மணல் மணலாக மாறிவிட்டது. அதை ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீரே இல்லாமல் மறுபடி வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கருகிப் புகைகிறது, மறுபக்கம் சர்க்கரை அப்படியே கிடக்கிறது. மாலையில் நாத்தனார் குடும்பம் வருகிறது. பாலும் முட்டையும் கலந்து தயாராக இருக்கிறது. எங்கே தவறுகிறது? சீக்கிரம் சொல்லுங்கள்.

சுபா
எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு தண்ணீர்? எந்தப் பாத்திரம்?

காவேரி மாமி
ஒரு கரண்டி பால் விடம்மா. மைசூர்பாகுக்குப் பாகு வைக்கும்போது நான் எப்போதும் பால் விடுவேன். அழுக்கெல்லாம் நுரையாக ஒதுங்கிவிடும். அதை எடுத்துவிட்டால் பாகு கண்ணாடி போல இருக்கும், பூத்து மணலாகாது.

சமையல் சாணக்கியன்
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. கேரமலைக் கரண்டியால் தொடவே கூடாது. தொட்டால் பூக்கும். அவ்வளவுதான் விஷயம். நீங்கள் கலக்கியிருப்பீர்கள்.

ரொட்டிக்கடை ராபர்ட்
தேன்மொழி, சுபா கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கூடவே இன்னும் இரண்டு: தீ எப்படி இருந்தது? பாத்திரத்தின் உட்புறம் என்ன நிறம்?

மாமி, பாகுக்கு நீங்கள் சொல்வது சரி. தூசியும் அழுக்கும் ஒதுங்கினால் பூப்பதற்கான ஒரு காரணம் குறையும். ஆனால் பாகு கம்பிப் பதத்தில் நின்றுவிடுகிறது, கேரமல் அதையும் தாண்டி 160 பாகைக்கு மேல் போக வேண்டும். அந்தச் சூட்டில் மிச்சமிருக்கும் பால் துணுக்குகள் சர்க்கரைக்கு முன்பே கருகிக் கறுப்புப் புள்ளியாக நிற்கும். இதற்குப் பால் வேண்டாம்.

கோவில்பட்டிக்காரன்
எனக்கும் இதே சிக்கல்தான். கடலை மிட்டாய் வெல்லத்தில் போடுவது எங்களுக்குப் பழகிய வேலை. இப்போது சிலர் வெள்ளையாக வேண்டும் என்று கேட்பதால் எள் மிட்டாயைச் சீனியில் போடுகிறோம். பூக்காமல் இருக்க எலுமிச்சை பிழிகிறேன். பூக்கவில்லை, ஆனால் மறுநாளே கையில் ஒட்டுகிறது. என்ன செய்யலாம்?

சமையல் சாணக்கியன்
ஐயா, அவர் கேட்டது வேறு, நீங்கள் கேட்பது வேறு.

தேன்மொழி
மன்னிக்கவும், பையன் அழுதுகொண்டிருந்தான். சர்க்கரை ஒரு கப், 200 கிராம் இருக்கும். தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி. கறுப்பு அலுமினிய வாணலி. தீ முழுதாக வைத்திருந்தேன், கரையட்டும் என்று எவர்சில்வர் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தேன். எலுமிச்சை எதுவும் போடவில்லை.

சமையல் சாணக்கியன்
சொன்னேன் அல்லவா?

ரொட்டிக்கடை ராபர்ட்
கரண்டி பிற்பாடுதான் குற்றவாளி. முதல் குற்றவாளி தண்ணீர். இரண்டு மேசைக்கரண்டி என்றால் 30 மி.லி. கொதிக்கும் சூட்டில்கூட அது சுமார் 145 கிராம் சர்க்கரையைத்தான் கரைத்துக்கொள்ளும். நீங்கள் போட்டது 200. அதிலும் முழுத்தீயில் நீர் ஆவியாகிக்கொண்டே இருந்திருக்கிறது. மேலே கொதித்தாலும் அடியில் கரையாத பரல்கள் இருந்திருக்கும். கரைந்த சர்க்கரை அந்தப் பரல்களின் மேல்தான் வந்து ஒட்டும். ஒன்று பிடித்தால் போதும், கரண்டி சுழலச் சுழல வாணலி முழுவதும் சில நொடிகளில் வெளுத்துவிடும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

மணலானதைக் கொட்டிவிட்டீர்களா? கொட்டியிருக்காவிட்டால் அதிலேயே அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அது வெறும் சர்க்கரைதான், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கருகியதை மட்டும் தூக்கி எறியுங்கள், அந்தக் கசப்பு எதைப் போட்டாலும் போகாது.

தேன்மொழி
கொட்டவில்லை, இருக்கிறது. ஆனால் கல்லாகிவிட்டது.

ரொட்டிக்கடை ராபர்ட்
கல்லானாலும் கரையும். இப்படிச் செய்யுங்கள்.

தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். இந்தக் கட்டத்தில் தாராளமாகக் கலக்கலாம், கலக்கவும் வேண்டும். கரண்டியின் முதுகில் ஒரு சொட்டு எடுத்து, ஆறியதும் விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் இன்னும் கரையவில்லை. வழவழவென்று ஆகும்வரை தீயைக் கூட்டாதீர்கள். தண்ணீர் கொஞ்சம் அதிகமானாலும் கவலையில்லை, வற்ற நேரம்தான் கூடுதலாகும்.

கரைந்த பிறகு அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, கரண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். தீயை நடுத்தரமாக்கி இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். நீராவி மூடியிலிருந்து வழிந்து, பக்கச் சுவரில் தெறித்து ஒட்டியிருக்கும் துளிகளைக் கழுவி உள்ளே இறக்கிவிடும். அந்தத் துளிகள் காய்ந்து பரலாகி உள்ளே விழுந்தால் மறுபடி மணல்தான். மூடியைத் திறந்த பிறகு வாணலியைக் காதைப் பிடித்துச் சுழற்றலாம், கரண்டி மட்டும் கூடாது.

சுபா
எனக்கு ஒரு சந்தேகம். எலுமிச்சை அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யுமா? நான் போட்டும் பூத்திருக்கிறது, போடாமலும் நன்றாக வந்திருக்கிறது.

ரசாயன வாத்தியார்
அமிலமும் சூடும் சேர்ந்தால் சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையும். இரண்டும் சர்க்கரையின் அடுக்குக்குள் பொருந்தாதவை, அதனால் பரல் கட்டிக்கொள்ளத் தடுமாறும். ஆனால் உடைவதற்கு நேரம் பிடிக்கும். பத்து நிமிடக் கொதியில் எவ்வளவு உடைகிறது என்பது அமிலத்தின் அளவையும் சூட்டையும் பொறுத்தது. உத்தரவாதம் இல்லை. பேக்கரியில் திரவ குளுக்கோஸை நேரடியாகவே போட்டுவிடுவார்கள், அது உடனே வேலை செய்யும்.

கோவில்பட்டி நண்பரின் மிட்டாய் ஒட்டுவதற்கும் இதுதான் காரணமாக இருக்கலாம். உடைந்த சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாற்றைக் குறைத்துப் பாருங்கள்.

கோவில்பட்டிக்காரன்
குறைத்தால் பூக்கிறதே!

சமையல் சாணக்கியன்
இத்தனை சுற்று எதற்கு? தண்ணீர் இல்லாமல் செய்தால் பூப்பது என்ற பேச்சே கிடையாது. சர்க்கரை 186 பாகையில் உருகும், பிறகு நிறம் மாறும். பெரிய சமையற்கலைஞர்கள் அப்படித்தான் செய்வார்கள். தண்ணீர் ஊற்றுவது பயந்தவர்கள் வழி.

ரசாயன வாத்தியார்
அந்த 186-ஐ எல்லோரும் பாடம் போல ஒப்பிக்கிறார்கள். பனிக்கட்டிக்கு இருப்பதுபோல ஒரே உருகுநிலை சர்க்கரைக்குக் கிடையாது. மெதுவாகச் சூடாக்கினால் அதைவிடக் கணிசமாகக் குறைந்த சூட்டிலேயே இளகத் தொடங்கும். உருகும்போதே சிதையவும் தொடங்கிவிடுகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2011-இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். உருகிய பிறகுதான் நிறம் மாறும் என்று நினைத்துக் காத்திருந்தால் அடியில் கருகிவிடும்.

சமையல் சாணக்கியன்
வாத்தியார் எத்தனை புட்டிங் செய்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாமா?

ரசாயன வாத்தியார்
சாப்பிட்ட கணக்கைக் கேட்டால் சொல்கிறேன்.

ரொட்டிக்கடை ராபர்ட்
இரண்டு வழியும் சரிதான், வேலைக்குத் தகுந்தபடி. கிறிஸ்துமஸ் பிளம் கேக்குக்குக் கேரமல் சிரப் போடும்போது நான் தண்ணீர் இல்லாமல்தான் தொடங்குவேன். அங்கே நன்றாகக் கறுத்த நிறம் தேவை, வேகமும் தேவை. ஆனால் சர்க்கரையை மொத்தமாகக் கொட்ட மாட்டேன். அடி கனத்த பாத்திரத்தில் ஒரு கைப்பிடியை மெல்லிய படலமாகத் தூவி, ஓரம் உருகியதும் அதன் மேலேயே அடுத்த கைப்பிடி. தேன்மொழி 200 கிராமையும் ஒரே குவியலாக வைத்திருப்பார். சூடு மேலே ஏறுவதற்குள் அடி கருகிவிடும்.

சாணக்கியன் ஐயா சொன்னதில் ஒன்று உண்மை: தண்ணீர் இல்லாவிட்டால் பாகுபோலப் பூக்கும் பயம் குறைவு. ஆனால் அந்த முறையில் கரண்டியால் தொட்டால் நாசம் என்பது சரியில்லை. கலக்கினால் கட்டி கட்டும், தீயைக் குறைத்துக் காத்திருந்தால் கட்டியும் உருகிவிடும். உருகாத இரண்டொரு கட்டியை வடிகட்டினால் முடிந்தது. நிதானமாக நிறம் பிடிக்க வேண்டிய புட்டிங்குக்கு, அதுவும் பதற்றத்தில் இருப்பவருக்கு, தண்ணீர் முறைதான் பாதுகாப்பு.

தேன்மொழி
கரைந்துவிட்டது. மூடி திறந்துவிட்டேன். பெரிய பெரிய குமிழிகள் வருகின்றன. நிறம் எப்போது தெரியும்? வாணலி கறுப்பு, எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ரொட்டிக்கடை ராபர்ட்
அதனால்தான் நிறம் கேட்டேன். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை அருகே வைத்துக்கொள்ளுங்கள். குமிழிகள் சிறுத்து, மெதுவாக, தேன் கொதிப்பதுபோல் வரும்போது நீர் போய்விட்டது என்று பொருள். அதிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். மரக்கரண்டி நுனியால் ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் விடுங்கள். வைக்கோல் நிறம் வந்தால் இன்னும் கொஞ்சம். பால் விடாத தேநீரின் சிவப்பு வந்தால் உடனே இறக்குங்கள். மெல்லிய நீலப்புகை கிளம்பினால் தாமதித்துவிட்டீர்கள்.

முக்கியமானது: அடுப்பை அணைத்தாலும் வாணலியின் சூடு வேலை செய்துகொண்டே இருக்கும். நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்பே இறக்கி, அடியை மட்டும் குளிர்ந்த நீரில் சில நொடி வைத்து எடுங்கள். வாணலிக்குள் ஒரு சொட்டு நீரும் விழக்கூடாது, சீறித் தெறிக்கும். பையனைச் சமையலறைக்கு வெளியே அனுப்புங்கள். கையில் பட்டால் வென்னீர்போல வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு சுடும்.

சுபா
கிண்ணங்களைத் தயாராக வைத்தீர்களா? ஊற்றியதும் சாய்த்துச் சுழற்ற வேண்டும், உடனே இறுகிவிடும்.

காவேரி மாமி
பால் விட்டிருந்தால் இவ்வளவு கஷ்டமே இல்லை.

சமையல் சாணக்கியன்
மாமி, பால் பாகுக்கு.

காவேரி மாமி
நீர் பிறப்பதற்கு முன்பிருந்து நான் பாகு வைக்கிறேன், தம்பி.

சமையல் சாணக்கியன்
வயதை வைத்துச் சர்க்கரை உருகுவதில்லை, மாமி. ஒரு வெப்பமானி வாங்கிவிட்டால் இந்தத் தட்டு, சொட்டு எல்லாம் தேவையில்லை. 170 வந்ததும் இறக்க வேண்டியதுதான்.

ரொட்டிக்கடை ராபர்ட்
200 கிராம் சர்க்கரை வாணலியில் விரல் தடிமன்கூட இருக்காது. வெப்பமானியின் முனை முழுதாக மூழ்காது, பாதி காற்றின் சூட்டைக் காட்டும். பத்துக் கிலோ போடுபவருக்கு அது சரி. வீட்டில் கண்ணும் மூக்கும்தான்.

தேன்மொழி
வந்துவிட்டது. தேநீர் நிறம். ஓரத்தில் கொஞ்சம் பூத்தது, அதை விட்டுவிட்டு ஊற்றினேன். ராபர்ட் அண்ணாவுக்கு நன்றி. ஆவியில் வைக்கப் போகிறேன்.

சுபா
வெந்து ஆறியதும் எடுத்து எப்படி வந்தது என்று எழுதுங்கள்.

கோவில்பட்டிக்காரன்
வாத்தியார், எலுமிச்சைக்குப் பதில் திரவ குளுக்கோஸ் போட்டால் ஒட்டாதா? கிலோ சீனிக்கு எவ்வளவு?

ரசாயன வாத்தியார்
அதுவும் ஈரம் இழுக்கும், ஃபிரக்டோஸ் அளவுக்கு இழுக்காது. நூறு கிராமில் தொடங்கிப் பாருங்கள். பாகை எந்தப் பதத்தில் இறக்குகிறீர்கள், மிட்டாயை எதில் சுற்றுகிறீர்கள் என்று சொல்லாமல் அதற்கு மேல் சொல்ல முடியாது.

கோவில்பட்டிக்காரன்
தண்ணீரில் போட்டால் நொறுங்கும் பதம். சுற்றுவதில்லை, தட்டில் திறந்துதான் வைக்கிறோம்.

ரொட்டிக்கடை ராபர்ட்
திறந்தா? ஐயா, தனி இழை தொடங்குங்கள்.