ஒரு பீஸ் போனால் மோட்டாரை நிறுத்த எந்த பிரிவென்டர்?

வணக்கம். கிணற்றில் 7.5 எச்பி மோனோபிளாக், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர். வழக்கமாக 11 ஆம்பியர் எடுக்கும். நேற்று ஒரு பீஸ் போயும் மோட்டார் நிற்கவில்லை. உறுமிக்கொண்டே ஓடியது, தண்ணீரும் குறைந்தது. கிளாம்ப் மீட்டரில் ஒரு வயரில் பூஜ்யம், மற்ற இரண்டிலும் 19. உடனே நிறுத்தியதால் காயில் தப்பியது.

ஓவர்லோடு ரிலே 15-ல் இருந்தது, 11-க்குக் குறைத்துவிட்டேன். பிரிவென்டர் வோல்டேஜ் பார்க்கும் வகை. அதன் வயர்கள் பீஸுக்கு முன்னால் இருப்பதால் அதற்கு மூன்று பேஸும் சரியாகவே தெரிந்திருக்கிறது.

வயர்களைப் பீஸுக்குப் பின்னால் மாற்றினால் போதுமா? ஓடும் மோட்டாரே செத்த பேஸில் வோல்டேஜ் உண்டாக்குமே, அதில் ஏமாந்துவிடாதா? சிடி வைத்து கரண்ட் பார்க்கும் வகை போட்டவர்கள், எத்தனை நொடியில் டிரிப் ஆகிறது என்று சொல்லுங்கள்.